கம்ப்யூட்டர் திடீர் திடீர்னு அணையுதா? சிவப்பு நிற 41 சொல்வது இதுதான்!

போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. அனுப்பியவர், எங்கள் தெருவில் வீட்டிலிருந்தபடியே கடைகளுக்குக் கணக்கு எழுதித் தரும் அக்கா.

"தம்பி, வேலை பார்த்துட்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் பட்டுனு அணைஞ்சுடுது. சிவப்புல 8 இருக்கு, மஞ்சள்ல எண்ணவே முடியல. கடையில மதர்போர்டை மாத்தணும், 7,000 ஆகும்னு சொல்றாங்க. மாத்திடவா?"

அவர் அனுப்பியது விண்டோஸின் ஈவென்ட் வியூவர் பக்கம். கம்ப்யூட்டருக்குள் நடப்பதையெல்லாம் விண்டோஸ் தானாகவே எழுதிவைக்கும் நாட்குறிப்பு அது. ஸ்டார்ட் பட்டன் மீது ரைட் கிளிக் செய்து Event Viewer-ஐத் திறந்து, Windows Logs, அதற்குள் System என்று போனால் பார்க்கலாம்.

மஞ்சளைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

அக்காவின் பட்டியலில் இருந்த மஞ்சள் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை DistributedCOM, எண் 10016. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் இது வரும். இதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ்' என்று போன் செய்யும் மோசடிக்காரர்கள் திறந்துகாட்டி மிரட்டுவதும் இதே பக்கத்தைத்தான்.

சிவப்பு 8 என்றாலும், கம்ப்யூட்டர் அணைந்தது 4 முறைதான். ஒவ்வொரு முறையும் இரண்டு வரிகள் பதிவாகியிருந்தன. ஒன்று Kernel-Power 41, இன்னொன்று EventLog 6008.

பலரும் தடுமாறும் இடம் இந்த 41. அது கம்ப்யூட்டர் அணைந்ததற்கான காரணம் அல்ல. மறுபடி ஆன் செய்யும்போது, 'போன முறை என்னை முறையாக ஷட் டவுன் செய்யவில்லை' என்று விண்டோஸ் எழுதும் குறிப்பு. அதனால் 41-க்கு நேராக இருக்கும் நேரம், மறுபடி ஆன் ஆன நேரம். அணைந்த நேரம் 6008-ஐ கிளிக் செய்தால் வரும் வாக்கியத்துக்குள் இருக்கும். அதுவும் ஓரிரு நிமிடம் முன்பின் இருக்கலாம்.

இன்னொரு ஸ்க்ரீன்ஷாட் கேட்டேன்

பட்டியலை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. "41-ஐ கிளிக் பண்ணி, கீழே Details-ஐத் தொட்டு அனுப்புங்கக்கா" என்றேன். அதில் முக்கியமான வரிகள் இரண்டு:

```
BugcheckCode 0
PowerButtonTimestamp 0
```

முதல் வரியில் 0-க்குப் பதில் 159 போல வேறு எண் இருந்தால், நீலத்திரை வந்து விண்டோஸ் நின்றிருக்கிறது என்று பொருள். அந்த எண்ணை வைத்து டிரைவர் கோளாறா, வேறு கோளாறா என்று தேடலாம். இரண்டாவது வரியில் 0 இல்லாமல் நீளமான எண் இருந்தால், யாரோ பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டுமே 0 என்றால், எதையும் எழுதிவைக்கக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை. பெரும்பாலும் மின்சாரம் சட்டென்று நின்றிருக்கும். ஆனால் யு.பி.எஸ், எஸ்.எம்.பி.எஸ், அதிகச் சூடு எல்லாமே இப்படித்தான் காட்டும். அவற்றில் எது என்பதை ஈவென்ட் வியூவர் சொல்லாது. அதை வீட்டில்தான் தேட வேண்டும்.

வாஷிங் மெஷின் சொன்ன சாட்சி

செவ்வாய்க்கிழமை 41 பதிவான நேரம் மதியம் 3.31. 6008 காட்டியதோ 3.18. "அந்த நேரத்துல வீட்ல வேற என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன். அக்கா யோசித்தார். "வாஷிங் மெஷின் பாதியில நின்னுச்சு. ஆனா லைட்டு, ஃபேன் ஓடிட்டுதானே இருந்துச்சு?"

அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. அவர் வீட்டில் லைட்டும் ஃபேனும் இன்வெர்ட்டரில் ஓடுகின்றன. வாஷிங் மெஷினும் கம்ப்யூட்டரும் இன்வெர்ட்டர் இல்லாத லைனில் இருக்கின்றன. கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு சின்ன யு.பி.எஸ். அதன் பேட்டரி வாங்கி 4 வருஷமாகிறது. சில விநாடி கரன்ட் போனதை வீட்டில் யாருமே கவனிக்கவில்லை. கம்ப்யூட்டர் மட்டும் அணைந்துவிட்டது.

உறுதி செய்ய ஒரு சோதனை. கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்துவிட்டு, யு.பி.எஸ்ஸில் ஒரு மேஜை விளக்கைச் செருகி, சுவரில் யு.பி.எஸ்ஸுக்கான சுவிட்சை அணைக்கச் சொன்னேன். விளக்கு உடனே அணைந்தது. பேட்டரி செத்துவிட்டது. ஒருவேளை விளக்கு எரிந்திருந்தாலும் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. விளக்கு இழுக்கும் மின்சாரம் கொஞ்சம்தான், கம்ப்யூட்டருக்கு அதைவிட அதிகம் தேவை.

கரன்ட் இருக்கும்போதே, அதுவும் கேம், வீடியோ எடிட்டிங் போன்ற கனமான வேலையின்போது மட்டும் அணைந்தால், சந்தேகப்பட வேண்டியது எஸ்.எம்.பி.எஸ்ஸையும் தூசி அடைத்த ஃபேனையும். பக்கத்திலேயே WHEA-Logger என்ற சிவப்பு வரியும் இருந்தால், கம்ப்யூட்டரின் பாகங்களில் ஏதோ ஒன்று தவறு செய்வதாக விண்டோஸே பதிவு செய்கிறது. அப்போது கடைக்குக் கொண்டுபோவதுதான் சரி.

அக்கா யு.பி.எஸ் பேட்டரியை மட்டும் மாற்றினார். நேற்று மறுபடி ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. மஞ்சள் வரிகள் அப்படியே இருந்தன. புதிதாக 41 ஒன்றுகூட இல்லை. "வாஷிங் மெஷின் இன்னிக்கும் பாதியில நின்னுச்சு தம்பி, கம்ப்யூட்டர் நிக்கல" என்று கீழே எழுதியிருந்தார்.