விலை தொட்டது, பங்கு வரவில்லை

லிமிட் ஆர்டர் போட்டுக் காத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கக்கூடிய புகார் இது. 410 ரூபாய்க்கு வாங்க ஆர்டர் போட்டிருப்பார். அன்றைய குறைந்தபட்ச விலை 410 என்று திரையே காட்டும். ஆனால் பங்கு வந்திருக்காது, அல்லது கேட்டதில் பாதிகூட வந்திருக்காது. செயலியில் கோளாறு என்றோ, யாரோ தில்லுமுல்லு செய்துவிட்டார்கள் என்றோ நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. சந்தை தன் விதிப்படிதான் நடந்திருக்கும்.

தேசியப் பங்குச் சந்தையில் ஆர்டர்களைப் பொருத்துவது கணினி. அது முதலில் விலையைப் பார்க்கும். வாங்குபவர்களில் அதிக விலை தருபவருக்கு முதலிடம். ஒரே விலையில் பலர் இருந்தால் நேரத்தைப் பார்க்கும். யாருடைய ஆர்டர் முன்பே வந்து சேர்ந்ததோ அவர் முன்னால் நிற்பார். பத்து பங்கு கேட்பவரா, பத்தாயிரம் கேட்பவரா என்பது கணக்கில் வராது. ஆகவே 410 என்பது நீங்கள் மட்டும் நிற்கும் இடமல்ல. அங்கே ஒரு வரிசை இருக்கிறது.

எண்களை வைத்துக்கொண்டு ஒரு கற்பனை நாளைப் பார்க்கலாம். பங்கு 412 ரூபாயில் ஓடிக்கொண்டிருக்கிறது. காலை பத்து மணிக்கு 410 ரூபாய்க்கு 500 பங்கு வாங்க ஆர்டர் போடுகிறீர்கள். அந்த விலையில் ஏற்கெனவே 18,000 பங்குகளுக்கான ஆர்டர்கள் நிற்கின்றன. நண்பகலுக்குள் உங்களுக்கு முன்னால் இருந்தவர்களில் சிலர் மனம் மாறி 4,000 பங்குகளுக்கான ஆர்டரை ரத்து செய்கிறார்கள். இப்போது உங்களுக்கு முன்னால் 14,000. பின்னால் புதிதாக 16,500 சேர்ந்துவிட்டது. ஒன்றரை மணிக்கு விலை 410க்கு இறங்குகிறது. விற்பவர்கள் அந்த விலையில் மொத்தம் 14,200 பங்குகளைக் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். முதல் 14,000 உங்களுக்கு முன்னால் நின்றவர்களுக்குப் போகிறது. மிச்சமிருக்கும் 200 உங்களுக்கு. பிறகு விலை 415க்கு ஏறிவிடுகிறது. உங்களுடைய 300 பங்குகளும் பின்னால் நின்ற 16,500உம் அப்படியே தொங்குகின்றன.

அன்றைய குறைந்தபட்ச விலையாக 410 பதிவாக இந்த 14,200 பங்குகள்கூடத் தேவையில்லை. அந்த விலையில் ஒரே ஒரு பங்கு கைமாறியிருந்தாலும் வரைபடத்தில் 410 விழுந்துவிடும். அதில் தெரிவது அந்த விலையில் வியாபாரம் நடந்தது என்பது மட்டுமே. எத்தனை பேருடைய ஆர்டர் நிறைவேறியது என்பது அதில் இல்லை.

வரிசையில் நம் இடம் எது என்று செயலி காட்டாது. மார்க்கெட் டெப்த் பகுதியில் மேலிருந்து ஐந்து விலைகளுக்கு மொத்த அளவும் ஆர்டர் எண்ணிக்கையும் தெரியும், அவ்வளவுதான். ஆனால் தோராயமாகக் கணக்கிட முடியும். ஆர்டர் போடும்போது அந்த விலையில் எவ்வளவு நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த விலையில் நடந்த வியாபாரத்தை அதிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். முன்னால் ரத்தானது எவ்வளவு, பின்னால் ரத்தானது எவ்வளவு என்று பிரித்துத் தெரியாது என்பதால், உண்மையான இடம் நீங்கள் கணக்கிட்டதைவிடக் கொஞ்சம் முன்னால் இருக்கலாம்.

கிடைத்த இடத்தைத் தெரியாமல் இழப்பவர்கள்தான் அதிகம். விலையை மாற்றினாலும், பங்கு எண்ணிக்கையைக் கூட்டினாலும் ஆர்டர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் இடம் தங்கும். மேலே சொன்ன நாளில் நண்பகலில் 500ஐ 800 ஆக்கியிருந்தால் அந்த 200 பங்குகூட வந்திருக்காது. கூடுதலாக வேண்டுமென்றால் பழைய ஆர்டரைத் தொடாமல் 300க்குத் தனி ஆர்டர் போடுவதே சரி. அன்றாட ஆர்டர் மாலை மூன்றரைக்குச் சந்தை முடிந்ததும் ரத்தாகிவிடும். நிறைவேறாத 300க்கு மறுநாள் புதிய ஆர்டர், புதிய வரிசை.

ஜிடிடி ஆர்டர் போடுபவர்கள் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பல நாட்களாக 410இல் காத்திருப்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் அது சந்தைக்கே போயிருக்காது. புரோக்கரிடம் ஒரு குறிப்பாகத்தான் இருக்கும். குறித்த விலையைப் பங்கு தொட்ட பிறகுதான் ஆர்டராக மாறிச் சந்தைக்குப் போகும். அந்த நேரத்தில் அங்கே நிற்பவர்கள் எல்லாருக்கும் பின்னால்தான் அதற்கு இடம். 410 ரூபாய்க்கு வாங்க நினைப்பவர் தூண்டு விலையையும் 410 என்றே வைத்தால், விலை தொட்டுத் திரும்பும் நாட்களில் ஏமாற்றம்தான் மிஞ்சும். தூண்டு விலையைச் சற்று மேலே, 413 என்று வைத்தால் ஆர்டர் முன்கூட்டியே வரிசையில் சேரும்.

தொட்டால் நிச்சயமில்லை என்றால் எப்போது நிச்சயம்? அதே சந்தையில் உங்கள் விலைக்கு ஒரு படி கீழே வியாபாரம் நடந்தால். இந்தப் பங்கு ஐந்து பைசா படியில் நகர்வதாகக் கொள்வோம். 409.95க்கு ஒரு பங்கு விற்றது என்றால், 410இல் நின்ற வாங்குபவர்கள் எல்லாரும் அதற்கு முன்பே தீர்ந்திருக்க வேண்டும். விலை முன்னுரிமை விதியில் வேறு வழியே இல்லை. அப்படியும் உங்கள் ஆர்டர் நிறைவேறவில்லை என்றால்தான் புரோக்கரைக் கேட்க வேண்டும். அதற்கு முன் ஆர்டர் எந்தச் சந்தைக்குப் போனது என்று பாருங்கள். மும்பைப் பங்குச் சந்தைக்குத் தனி ஆர்டர் புத்தகம்; அங்கே விழுந்த விலை தேசியப் பங்குச் சந்தை ஆர்டரைக் கட்டுப்படுத்தாது.

இதே விதியை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். 410.05க்கு ஆர்டர் போட்டிருந்தால், 410க்கு முதல் பங்கு விற்பதற்குள் 500 பங்கும் வந்து சேர்ந்திருக்கும். கூடுதல் செலவு 25 ரூபாய். முழு எண்களில்தான் ஆர்டர்கள் குவிகின்றன. 410, 400, 500 என்று எண்ணுவது மனித இயல்பு. எனவே முழு எண்ணை ஒட்டி ஒரு படி மேலே வாங்குவதையும், ஒரு படி கீழே விற்பதையும் நான் நல்ல வழக்கமாகவே கருதுகிறேன்.

அப்பர் சர்க்யூட் போட்ட பங்கில் இது உச்சத்துக்குப் போகும். நாள் முழுக்க விலை உச்சவரம்பிலேயே நிற்கும். நீங்கள் கேட்ட விலையும் அதுவே. ஆனால் விற்க ஆளில்லை. வரம்புக்கு மேல் விலை தரவும் முடியாது என்பதால் நேரம் ஒன்றுதான் வரிசையைத் தீர்மானிக்கும். எப்போதாவது வரும் சில நூறு பங்குகள் முன்னால் நிற்பவர்களுக்கே போகும்.

வரிசையின் கடைசியில் நிற்பவருக்கு இன்னொரு பாதகமும் உண்டு. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விலை 410ஐத் தொட்டு ஏறும் நாளில், அதாவது வாங்கியிருந்தால் லாபம் வந்திருக்கும் நாளில், அவருக்குப் பங்கு கிடைக்காது. விற்பனை அலை 410ஐ உடைத்துக்கொண்டு 402க்கு இறங்கும் நாளில் 500 பங்கும் முழுதாகக் கிடைக்கும். நல்ல நாட்களில் பகுதி, கெட்ட நாட்களில் முழுமை.

பழைய வரைபடங்களை வைத்து உத்திகளைச் சோதிப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். தொட்டாலே வாங்கியாயிற்று என்று எழுதிக்கொள்வதால், கைக்கு வந்திருக்காத லாபங்களும் கணக்கில் ஏறிவிடுகின்றன. ஒரு படி கீழே வியாபாரம் நடந்த நாட்களை மட்டும் முழுதாக நிறைவேறியதாகவும், தொட்டுத் திரும்பிய நாட்களைப் பூஜ்யமாகவும் வைத்து அதே சோதனையை மறுபடி போட்டுப் பார்க்கலாம். இது கடுமையான கணக்குதான். சில நாட்களில் உண்மையில் கொஞ்சம் கிடைத்திருக்கும். ஆனால் இந்தக் கணக்கில் லாபம் காணாமல் போகிறது என்றால், அந்த உத்தி வரிசையின் முன்னால் நிற்பவருக்கு மட்டுமே பலிக்கும்.