பழுப்பு மாத்திரைக்கு முன்னால் இருக்கும் மூன்று

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். 21 வெள்ளை, கடைசி 7 பழுப்பு. கருத்தரிப்பைத் தடுக்கும் ஹார்மோன்கள் வெள்ளையில் மட்டுமே உள்ளன. பழுப்பில் இருப்பது இரும்புச்சத்து. அந்த ஏழு நாட்களில் ஹார்மோன் நின்றுவிடுவதால் மாதவிலக்கு போல உதிரம் போகும். அப்போதும் தினம் ஒரு மாத்திரை போடுவதால், அடுத்த அட்டையை என்றைக்குத் தொடங்குவது என்று விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் இந்த அட்டை கிடையாது. 1960-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எனோவிட் மாத்திரை சாதாரண புட்டியில்தான் வந்தது. இன்றைக்குப் போட்டோமா இல்லையா என்று வீட்டில் குழப்பம். மனைவிக்காக இதற்கு ஒரு வழி தேடிய டேவிட் வாக்னர் என்ற பொறியாளர், 1962-ல் நாள்கணக்கு காட்டும் வட்டப் பெட்டி ஒன்றை வடிவமைத்தார். இன்றைய அட்டைகளுக்கு அதுதான் முன்னோடி.

ஹார்மோன் இல்லாமல் ஏழு நாள் இருந்தால் ஆபத்தில்லை. அதற்குள் சினைமுட்டை முதிர்ந்து வெளியேறாது. ஏழைத் தாண்டினால் அந்த உறுதி போய்விடும். ஆகவே பழுப்புக்கு முன்னும் பின்னும் இருக்கும் வெள்ளை மாத்திரைகளை விடுவதுதான் மிகவும் ஆபத்து.

ஊருக்குப் போன ஒரு பெண், 19, 20, 21-ஆம் நாள் மாத்திரைகளைப் போடவில்லை என்று வைத்துக்கொள்வோம். 22-ஆம் நாள் வழக்கம்போல் பழுப்பைத் தொடங்கினால், மூன்றும் ஏழும் சேர்ந்து பத்து நாள் ஹார்மோன் இல்லை. அவர் செய்ய வேண்டியது, பழுப்பு ஏழையும் ஒதுக்கிவிட்டு அன்றே புது அட்டையின் முதல் வெள்ளையைப் போடுவது. அடுத்த ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். இந்தத் தடவை உதிரம் வராமலும் போகலாம். விட்டுப்போன நாட்களில் உறவு நடந்திருந்தால் செவிலியரிடம் சொல்லி ஆலோசனை கேட்க வேண்டும்.

ஒன்றிரண்டு வெள்ளை மட்டும் விட்டுப்போனால், நினைவு வந்ததும் ஒன்றைப் போட்டுவிட்டு, அன்றைய மாத்திரையையும் வழக்கமான நேரத்தில் போட வேண்டும். ஒரே நாளில் இரண்டானாலும் பரவாயில்லை. பழுப்பு விட்டுப்போனால் கருத்தடைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஆனால் புது அட்டையை உரிய நாளில் தொடங்கிவிட வேண்டும்.

மருந்துக்கடையில் வாங்கும் எல்லா அட்டையும் இப்படி இருக்காது. சிலவற்றில் 21 மட்டும்தான். ஏழு நாள் இடைவெளியை நாமே எண்ண வேண்டும். 24-க்கு 4 என்ற அட்டையில் நான்காம் வரிசையின் முதல் மூன்றும் ஹார்மோன் மாத்திரைகளே. ‘கடைசி வரிசை சத்து மாத்திரைதானே’ என்று விட்டால் கேடு. அட்டையை மாற்றும்போது, எந்த நிறத்தில் ஹார்மோன் இருக்கிறது என்று முதல் மாத்திரைக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.