மளிகை அலமாரிக்கு ஓரடி ஆழம் போதும்

மாத மளிகை வந்திறங்கியதும் சின்ன சமையலறை திணறினால், பல வீடுகளில் குற்றவாளி அலமாரியின் ஆழம்தான். இரண்டடி ஆழத் தட்டில் பின்வரிசை டப்பா கண்ணில் படாது. இருக்கிற உளுந்தையே மறுபடியும் வாங்குவார்கள். பழையதில் வண்டு விழும். ஓரடி ஆழத்தில், இரண்டு வரிசைக்கு மேல் நிற்காத தட்டே நல்லது.

தச்சரை அழைக்கும் முன் மளிகைச் சீட்டை வைத்துக் கணக்குப் போட வேண்டும். ஒரு கிலோ அரிசியோ பருப்போ ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் இடம் பிடிக்கும். ஒரு லிட்டர் டப்பாவில் கிலோ துவரம்பருப்பு அடங்காமல், மிச்சம் ரப்பர் பேண்டு போட்ட பொட்டலமாகக் கிடப்பது இதனால்தான். இரண்டு கிலோ வாங்குபவருக்கு மூன்று லிட்டர் டப்பா சரி. வட்டத்தைவிடச் சதுர டப்பா இடத்தை வீணாக்காது.

25 கிலோ அரிசி மூட்டைக்கு 35 லிட்டர் டிரம் வேண்டும். அது ஓரடிக்குள் அடங்காது. அடிப்பகுதியை மட்டும் ஒன்றரை அடி ஆழமாக்கி, டிரம்மைச் சக்கரப் பலகையில் நிறுத்தலாம்.

புதுப் பருப்பைப் பழையதன் மேல் கொட்டக் கூடாது. சிங்க்கை ஒட்டிய ஈரச் சுவரில் இந்த அலமாரியை அமைக்கவே வேண்டாம்.