ஆறாம் நூற்றாண்டா, ஆறு நூற்றாண்டுகளா?

டோக்கியோவின் உயெனோ பூங்காவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு பொருளுக்கு அருகே இருக்கும் விளக்க அட்டையில் பெரும்பாலும் சில வரிகளே இருக்கும். பொருளின் பெயர், கிடைத்த இடம், காலம், நூற்றாண்டு, பதிவு எண் ஆகியவை ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். அவற்றில் வினைச்சொல்லே இராது. அட்டையைப் படம் பிடித்துத் தமிழாக்குவதில் உள்ள சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் தவறினால் மற்றச் சொற்களோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நிற்கும், படிப்பவர் பிடித்துவிடுவார். அட்டையில் இருப்பவை வெறும் பெயர்கள். ஒன்று தவறினாலும் மற்றவை அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. பார்வையாளர் தவறான செய்தியை நம்பி அடுத்த கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விடுவார்.

அந்த அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற பொருள்களில் ஒன்று, முழுப் போர்க்கோலத்தில் நிற்கும் ஒரு சுடுமண் வீரன். தலைக்கவசம் கன்னங்களை மறைக்க, வலக்கை வாளின் கைப்பிடி மேல் இருக்கிறது. இடக்கையில் வில், முதுகில் அம்பறாத்தூணி. குன்மா மாநிலத்து ஓட்டா நகரத்தில், ஈசுக்கா என்ற பகுதியில் கிடைத்தது. 1974இல் இதற்குத் தேசியப் பொக்கிஷம் என்ற தகுதி தரப்பட்டது. இதன் அட்டையில் இருப்பவை மிகச் சில சொற்களே. ஆனால் அநேகமாக ஒவ்வொன்றிலும் சறுக்கிவிழ இடம் உண்டு.

முதலில் படம். கண்ணாடியில் விளக்கொளி பட்டுத் தெறிக்கும்போது எழுத்தின் ஒரு சிறு கோடு மறைந்துபோகும். தமிழில் ஒரு புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடுவது போல, ஜப்பானியரின் சீன எழுத்துகளில் ஒரு புள்ளி போனால் எழுத்தே வேறாகிவிடும். குன்மாவின் ஓட்டா நகரத்துப் பெயரின் முதல் எழுத்தில் அடியில் ஒரு சிறு புள்ளி உண்டு. அந்தப் புள்ளி இல்லாத எழுத்தால் எழுதப்படும் இன்னொரு ஓட்டா, டோக்கியோ மாநகரின் ஒரு வட்டாரம். விமான நிலையம் இருப்பது அங்கேதான். ஆக, படம் மங்கினால் குன்மாவின் மண்ணிலிருந்து வந்த வீரன் டோக்கியோவில் தோண்டி எடுக்கப்பட்டவன் ஆகிவிடுவான். உச்சரிப்பும் ஒன்றே என்பதால் தமிழில் எழுதிய பிறகு இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே முடியாது. மாநிலப் பெயரையும் சேர்த்து எழுதுவதே காப்பு. அட்டைக்கு நேர் எதிரே நின்று, ஃபிளாஷ் இல்லாமல், முழு அட்டையை ஒரு முறையும் இடமும் காலமும் உள்ள வரிகளை மட்டும் நெருக்கமாக இன்னொரு முறையும் எடுத்துக்கொண்டால் இந்தப் புள்ளி தப்பிவிடும். பதிவு எண் படத்தில் விழுவதும் முக்கியம். ஜப்பானின் தேசிய அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரிப்பை ColBase என்ற ஒரே இணையப் பட்டியலில் வைத்திருக்கின்றன. அதில் அந்த எண்ணைக் கொண்டு தேடி, அட்டையில் உள்ளதைச் சரிபார்க்கலாம்.

அடுத்தது பொருளின் பெயர். ஹனிவா என்று அட்டை சொல்கிறது. இதைச் சிலை என்றால் கல்லோ உலோகமோ என்று தோன்றும். பொம்மை என்றால் விளையாட்டுப் பொருளாகிவிடும். கல்லறை உருவம் என்பது இன்னும் ஏமாற்றும் சொல். முதுமக்கள் தாழியை அறிந்த தமிழ் வாசகர், பிணத்தோடு உள்ளே புதைத்தது என்றே எண்ணுவார். ஹனிவாக்கள் புதைகுழிக்குள் வைக்கப்பட்டவை அல்ல. தலைவர்களைப் புதைத்து அதன்மேல் எழுப்பிய பெரிய மண்மேட்டின் வெளிப்பரப்பில், வெயிலும் மழையும் படும்படி வரிசையாக நிறுத்தப்பட்டவை. ஒற்றைத் தமிழ்ச் சொல்லில் இத்தனையும் அடங்காது. ஹனிவா என்ற பெயரை அப்படியே வைத்து, 'புதைமேட்டின் மேல் நிறுத்தும் சுடுமண் உருவம்' என்று ஒரு முறை விளக்கம் சேர்ப்பதே நேர்மையான வழி.

அவன் அணிந்திருக்கும் கவசத்துக்கும் தனிப்பெயர் உண்டு: கெய்கோ. சிறுசிறு தகடுகளைக் கயிற்றால் கோத்துச் செய்த கவசம் அது. அதே காலத்தில் இன்னொரு வகையும் இருந்தது. பெரிய இரும்புத் தகடுகளை இணைத்து உடம்போடு பொருந்தச் செய்த அதற்கு டாங்கோ என்று பெயர். இரண்டையும் 'கவசம்' என்றே எழுதிவிட்டால், அருங்காட்சியகம் வேண்டுமென்றே காட்டிய வேறுபாடு போய்விடும். 'தகடு கோத்த கவசம்' என்று இரண்டு சொல்லில் எழுதினால், அதைப் படித்த கண் உருவத்தின் மார்பில் தகட்டு வரிசைகளைத் தேடும். அவை அங்கே தெரியவும் தெரியும். வீரன் என்ற சொல்லை சாமுராய் என்று எழுதுவது இதைவிடப் பெரிய தவறு. ஜப்பானியப் போர்வீரன் என்றாலே அந்தச் சொல் நாவில் வந்துவிடுகிறது. ஆனால் சாமுராய் என்ற போர்க்குடி உருவானது இந்த உருவம் செய்யப்பட்டுப் பல நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

காலத்தின் பெயர் கோஃபுன். அதன் நேர்ப்பொருள் பழைய புதைமேடு. பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு 'பழைய கல்லறைக் காலம்' என்று எழுதினால், அது ஒரு வரலாற்றுக் காலகட்டத்தின் பெயர் என்பதே தெரியாமல் போகும். வேறு நூலில் தேடினாலும் கிடைக்காது. 'சோழர் காலம்' என்பதை யாராவது வேறு மொழியில் பொருள் பெயர்த்தால் எப்படியிருக்குமோ அப்படி. கோஃபுன் காலம் என்று ஒலிபெயர்த்து, ஏறக்குறைய கி.பி. 3 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை என்று சேர்த்தால் வாசகர் கையில் பிடிமானம் கிடைக்கும். ஆனால் அந்தச் சேர்ப்பு மொழிபெயர்ப்பாளருடையது என்று தெரிய வேண்டும். அடைப்புக்குறிக்குள் போடுவது போதும்.

காலத்தை அடுத்து 6 என்ற எண்ணும் நூற்றாண்டு என்ற சொல்லும் வருகின்றன. 'ஆம்' போன்ற ஒட்டு ஜப்பானிய மொழியில் அங்கே கட்டாயமில்லை. ஆகவே அதே எழுத்துகள் 'ஆறாம் நூற்றாண்டு' என்றும் 'ஆறு நூற்றாண்டுகள்' என்றும் படிக்க இடம் தரும். அட்டையில் அது எப்போதும் முதல் பொருளில்தான் வரும். ஆறாம் நூற்றாண்டு என்பது 501 முதல் 600 வரை. அதைப் படித்தவுடன் '500களில்' என்றோ '1,400 ஆண்டுப் பழமை' என்றோ மாற்றிச் சொல்வது தேவையற்ற வேலை. அட்டை சொல்லாத ஒரு துல்லியத்தைச் சேர்ப்பதாகவும் ஆகிவிடும்.

இவையெல்லாம் கூடினால் அந்த அட்டை தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: 'ஹனிவா (புதைமேட்டின் மேல் நிறுத்தும் சுடுமண் உருவம்): தகடு கோத்த கவசம் அணிந்த வீரன். தேசியப் பொக்கிஷம். குன்மா மாநிலம், ஓட்டா நகரம், ஈசுக்காவில் கிடைத்தது. கோஃபுன் காலம் (ஏறக்குறைய கி.பி. 3 முதல் 7ஆம் நூற்றாண்டு வரை), கி.பி. 6ஆம் நூற்றாண்டு.' இதில் தேசியப் பொக்கிஷம் என்பது புகழ்ச்சி அல்ல. 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு தரும் தகுதி. அதற்குக் கீழே 'முக்கியப் பண்பாட்டுச் சொத்து' என்று இன்னொரு படி உண்டு. இரண்டையும் 'அரும்பொருள்' என்று ஒன்றாக்கிவிடக் கூடாது.

பிற்காலப் பொருள்களின் அட்டைகளில் ஆண்டே குறிப்பிட்டிருக்கும். அங்கே வேறு கணக்கு வேண்டும். ஜப்பானியர் ஆண்டுகளுக்குச் சகாப்தப் பெயரிட்டு எண்ணுகிறார்கள். சோழர் கல்வெட்டில் ஆட்சியாண்டு வருவது போல. கென்ரோக்கு சகாப்தம் 1688இல் தொடங்கியது. அதன் 15ஆம் ஆண்டு 1703 அல்ல, 1702. தொடங்கிய ஆண்டே முதல் ஆண்டு என்பதால் கூட்டிவரும் தொகையில் ஒன்றைக் கழிக்க வேண்டும். சகாப்தப் பெயர்களிலும் ஒரு கண்ணி உண்டு. 1804இல் தொடங்கிய சகாப்தத்தின் பெயர் புன்கா. இன்றைய ஜப்பானிய மொழியில் அதே எழுத்துகளுக்குப் பண்பாடு என்று பொருள். 1806ஆம் ஆண்டைக் குறிக்கும் 'புன்கா 3' என்ற வரி, கவனமில்லாத கையில் 'பண்பாடு மூன்று ஆண்டு' ஆகிவிடும்.

மாதமும் சேர்ந்திருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். 1872 முடியும் வரை ஜப்பானில் வழங்கியது சந்திர மாதக் கணக்கு. தலைவனுக்காக நாற்பத்தேழு வீரர்கள் பழிவாங்கிய புகழ்பெற்ற நிகழ்ச்சி நடந்தது கென்ரோக்கு 15ஆம் ஆண்டு, 12ஆம் மாதம், 14ஆம் நாள். அதை '1702 டிசம்பர் 14' என்று எழுதினால் பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும். ஆனால் இன்றைய நாட்காட்டிப்படி அது 1703 ஜனவரி 30. ஆண்டின் கடைசி மாதம் அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் போய்விட்டது. தஞ்சைப் பெரிய கோயிலிலும் இதே கணக்கைக் காணலாம். ராஜராஜன் அரியணை ஏறியது 985இல். அவனது 25ஆம் ஆண்டு என்றால் ஒன்றைக் கழித்து 1009 வரவேண்டும். ஆனால் விமானத்தின் செப்புக்குடத்தை அவன் கொடுத்தது அந்த ஆண்டின் 275ஆம் நாளில். ஆட்சியாண்டு தொடங்கியது ஆண்டின் நடுவில் என்பதால் அந்த நாள் 1010இல் விழுகிறது. எனவே ஜப்பானிய அட்டையில் மாதம் வந்தால் '12ஆம் மாதம்' என்றே எழுத வேண்டும். டிசம்பர் ஆக்கக் கூடாது. அட்டை அடைப்புக்குறிக்குள் தரும் ஆங்கில ஆண்டை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும்.

சில பொருள்களில் இருப்பது அறுபதாண்டுச் சுழற்சியின் ஆண்டுப்பெயர் மட்டுமே. பிரபவ முதல் அட்சய வரை எண்ணிப் பழகிய தமிழருக்கு இது புதிதல்ல. சைத்தாமா மாநிலத்து இனாரியாமா புதைமேட்டில் 1968இல் ஓர் இரும்பு வாள் கிடைத்தது. 1978இல் எக்ஸ்-கதிரில் பார்த்தபோது, துருவுக்கு அடியில் பொன்னால் பதித்த 115 எழுத்துகள் தெரிந்தன. அதிலுள்ள ஆண்டுப்பெயரைப் பெரும்பாலான அறிஞர்கள் 471 என்று கொள்கிறார்கள்; ஒரு சுழற்சி தள்ளி 531 என்போரும் உண்டு. எழுத்தில் இருப்பது ஆண்டுப்பெயர். 471 என்பது ஆய்வாளர் முடிவு. தமிழாக்கத்தில் ஆண்டுப்பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதினால், வாளே 471 என்று சொல்வதாக ஆகிவிடும்.

இதே காரணத்தால் அட்டையின் மிகச் சிறிய சொற்களைத்தான் மிகவும் காக்க வேண்டும். 'ஏறக்குறைய' என்று பொருள்படும் ஓர் எழுத்து ஆண்டுக்குப் பின்னால் வரும். 'என்று வழங்கி வருகிறது' என்று பொருள்படும் இன்னோர் எழுத்து ஊர்ப்பெயருக்கோ கலைஞர் பெயருக்கோ முன்னால் வரும். அந்த ஓரெழுத்து விடுபட்டால், இன்னாருடையது என்று பேச்சாக மட்டும் வந்த ஓவியம் அவருடையதே என்று உறுதியாகிவிடும். 10 முதல் 12 வரை என்று காட்டும் அலைக்கோடு படத்தில் மங்கினால் 1012 என்ற ஆண்டு பிறந்துவிடும். நூற்றாண்டு என்ற சொல் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். பல அட்டைகளில் கீழே ஆங்கிலமும் இருக்கும். அதில் சகாப்தப் பெயரும் மாதமும் பெரும்பாலும் விடப்பட்டிருக்கும். பெயர்களின் உச்சரிப்பை ஆங்கில வரியிலிருந்தும், காலக் குறிப்பை ஜப்பானிய வரியிலிருந்தும் எடுத்துக்கொண்டால் இரண்டும் தவறாமல் வரும்.