இளஞ்சிவப்பு ஒயின்: தோலோடு இருந்த சில மணி நேரம்

தெற்கு பிரான்சில், மத்தியதரைக் கடலையொட்டி இருக்கிறது புரோவான்ஸ். அங்கே தயாராகும் ஒயினில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இளஞ்சிவப்பு ஒயின். பிரெஞ்சுக்காரர்கள் அதை ரோஸே என்பார்கள். ஆகஸ்ட் மாத வாக்கில் அறுவடை தொடங்கும்போது, பல தோட்டங்களில் வேலை நள்ளிரவுக்குப் பிறகுதான் ஆரம்பமாகும். விளக்கு பொருத்திய அறுவடை இயந்திரங்கள் கொடி வரிசைகளின் மேல் ஊர்ந்து போகும். வெயில் ஏறுவதற்குள் பழம் முழுக்க ஆலைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதில் எல்லோரும் குறியாக இருப்பார்கள். அந்த அவசரத்துக்கு முக்கியமான காரணம், ஒயினின் நிறம்.

சிவப்பு ஒயினையும் வெள்ளை ஒயினையும் கலந்தால் இளஞ்சிவப்பு ஒயின் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கலந்தால் நிறம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் உலகில் விற்கும் நல்ல ரோஸேக்களில் மிகப் பெரும்பாலானவை அப்படி வந்தவை அல்ல. கருந்திராட்சையின் தோலும் சாறும் சில மணி நேரம் மட்டும் ஒன்றாக இருந்து, சரியான சமயத்தில் பிரிக்கப்பட்டதால் வந்த நிறம் அது.

ஒரு பன்னீர் திராட்சையை விரலால் பிதுக்கிப் பார்த்தால் விஷயம் பாதி புரிந்துவிடும். கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் அந்தப் பழம் வெளியே கருநீலமாக இருந்தாலும், உள்ளிருந்து வரும் சதை நிறமில்லாமல், இளம் பச்சை சாயலோடு இருக்கும். ஒயினுக்குப் பயன்படும் பெரும்பாலான கருந்திராட்சைகளும் இப்படித்தான். சதை வரை சிவந்த சில ரகங்கள் உண்டு, அவை விதிவிலக்கு. நிறம் முழுவதும் தோலின் உட்பக்க அடுக்குகளில் ஆந்தோசயனின் என்ற நிறமியாகத் தங்கியிருக்கிறது. ஆகவே கருந்திராட்சையைப் பிழிந்த உடனே தோலை எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட வெள்ளை ஒயினே செய்துவிடலாம். வாரக்கணக்கில் தோலோடு ஊறவிட்டால் சிவப்பு ஒயின். ரோஸே இந்த இரண்டுக்கும் இடையில், வெள்ளைக்கு மிக அருகில் நிற்கிறது.

சில மணி நேரம் மட்டும் ஊறவைப்பதில் இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. ஆந்தோசயனின் நீரில் எளிதாகக் கரையும். பிழிந்த புதுச் சாற்றிலேயே அது இறங்கத் தொடங்கிவிடும். நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பைத் தருகிற டானின் அப்படியல்ல. அதிலும் விதையில் உள்ள டானின் வெளியே வர ஆல்கஹாலும் அவகாசமும் வேண்டும். நொதித்தல் தொடங்கும் முன்பே தோலையும் விதையையும் ஒதுக்கிவிட்டால், நிறம் மட்டும் வந்து துவர்ப்பு பின்தங்கிவிடும். ரோஸே இளஞ்சிவப்பாக இருந்தும் நாக்கில் வெள்ளை ஒயினைப் போல லேசாக விழுவதற்குக் காரணம் இதுதான்.

புரோவான்ஸ் ஆலை ஒன்றில் க்ரனாஷ், சான்ஸோ ரகப் பழங்கள் வந்து இறங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலில் காம்புகளை நீக்குகிறார்கள். பிறகு பழம் உருளை வடிவப் பிழிகருவிக்குள் போகிறது. அதனுள்ளே ஒரு பெரிய ரப்பர் பை இருக்கும். அதில் காற்று ஏற ஏற அது பழத்தை மெதுவாக நெருக்கும். அழுத்தம் கொடுப்பதற்கு முன்பே தானாக வடிகிற சாறுதான் மிக வெளிறியது. அழுத்தம் கூடக் கூட நிறம் ஏறிக்கொண்டே வரும். ஒயின் தயாரிப்பவர் வடிதட்டிலிருந்து அவ்வப்போது ஒரு கோப்பையில் சாறு பிடித்து, வெள்ளைப் பின்னணியில் வைத்துப் பார்த்து, வாயிலும் வைத்துப் பார்ப்பார். ஓர் இடத்தில் நிறம் சட்டென்று அடர்ந்து, புளிப்பு குறைந்து, லேசான கசப்பு தட்டும். தோலில் உள்ள பொட்டாசியம் சாற்றுக்குள் இறங்கி அமிலத்தைத் தணிப்பதால் வரும் மாற்றம் அது. அந்தக் கணத்திலிருந்து வருகிற சாற்றைத் தனித் தொட்டிக்குத் திருப்பிவிடுவார்கள்.

இந்த முறையில் பழம் பிழிகருவிக்குள் இருக்கும் சில மணி நேரம்தான் தோலோடு உறவு. இன்னும் கொஞ்சம் நிறமும் மணமும் வேண்டுமென்றால், பிழிவதற்கு முன் பழத்தை நொறுக்கி ஒரு தொட்டியில் ஊறவிடுவார்கள். புரோவான்ஸில் இது பொதுவாக 2 முதல் 20 மணி நேரம் வரை, 16 முதல் 20 டிகிரி வெப்பத்தில் நடக்கும். ஏன் இவ்வளவு பெரிய இடைவெளி என்றால், கடிகாரம் மட்டும் நிறத்தைத் தீர்மானிப்பதில்லை. சான்ஸோ மெதுவாகத்தான் நிறம் விடும். சிரா ரகத்தின் தோல் நிறமி மிகுந்தது. அதைக் கொஞ்சம் மறந்துவிட்டாலே சாறு செர்ரிப் பழ நிறத்துக்குப் போய்விடும். பழம் எவ்வளவு பழுத்திருக்கிறது, வழியில் எவ்வளவு நசுங்கியது, எல்லாவற்றையும்விட எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். நண்பகலில் பறித்துச் சூடேறிய பழம், விடியலில் பறித்த பழத்தைவிட வெகு சீக்கிரம் நிறத்தை இறக்கிவிடும். நள்ளிரவு அறுவடை இதற்காகத்தான்.

காற்றும் ஒரு தொல்லை. பிழிந்த சாற்றில் ஆக்சிஜன் படும்போது அதிலுள்ள சில சேர்மங்கள் பழுப்பேறும். இளஞ்சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாயும். க்ரனாஷ் இதில் குறிப்பாகப் பலவீனமானது. குளிர்ச்சி இந்த வினையையும் தாமதப்படுத்துகிறது. பல ஆலைகளில் பிழிகருவிக்குள் நைட்ரஜன் போன்ற வாயுவை நிரப்பிக் காற்றை விலக்கி வைக்கிறார்கள்.

தோலைப் பிரித்த பிறகும் நிறம் அப்படியே நிற்பதில்லை. சாற்றைக் குளிரவைத்து வண்டலைப் படியவிட்டு, தெளிவை மட்டும் எடுத்து ஈஸ்ட் சேர்த்து, வெள்ளை ஒயினைப் போலவே குளிர்ந்த நிலையில் நொதிக்கவிடுகிறார்கள். நொதிக்கும்போது ஈஸ்ட் செல்களின் சுவரில் நிறமியின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். பாதுகாப்புக்காகச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடும் ஆந்தோசயனினோடு சேர்ந்து அதன் நிறத்தை மங்கச் செய்யும். தொட்டியில் நல்ல ரோஜா நிறத்தில் இருந்த சாறு, குப்பியில் வெளிறிய பீச் நிறத்தில் முடிவது இதனால்தான். அனுபவமுள்ளவர் தனக்கு வேண்டிய நிறத்தைவிட ஒரு படி அடர்த்தியாக இருக்கும்போதே தோலைப் பிரிப்பார். அளவு தவறி நிறம் கூடிவிட்டால் கரித்தூள் சேர்த்து இறக்கலாம். ஆனால் கரி நிறத்தோடு நிற்காது; மணத்தையும் உறிஞ்சிக்கொண்டுதான் போகும். முதல் சில மணி நேரத்தில் விட்ட பிழையைப் பிறகு முழுமையாகச் சரிசெய்ய வழியில்லை.

ரோஸே செய்ய இன்னொரு பாதையும் உண்டு. சிவப்பு ஒயினுக்காகத் தோலோடு ஊறும் தொட்டியிலிருந்து, சில மணி நேரத்துக்குப் பிறகு சாற்றில் ஒரு பங்கை வடித்தெடுத்துத் தனியே நொதிக்கவிடுவார்கள். தொட்டியில் மிச்சமிருக்கும் சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடுவதால் சிவப்பு ஒயின் அடர்த்தியாகும். வடித்த சாறு ரோஸேயாகும். கலிபோர்னியாவின் சட்டர் ஹோம் நிறுவனத்தில் பாப் டிரிஞ்செரோ 1972இல் தன் ஜின்ஃபண்டெல் சிவப்பு ஒயினை அடர்த்தியாக்கத்தான் இப்படிச் சாற்றை வடித்தார். 1975இல் ஒரு தொகுதியின் நொதித்தல் பாதியில் நின்றுபோய், சர்க்கரை முழுவதும் ஆல்கஹாலாக மாறாமல் தங்கிவிட்டது. இனிப்பான அந்த இளஞ்சிவப்பு ஒயின்தான் ‘ஒயிட் ஜின்ஃபண்டெல்’ என்ற பெயரில் அமெரிக்காவெங்கும் விற்றது. ரோஸே என்றாலே இனிக்கும் என்ற எண்ணம் பரவியதில் அதற்கும் பங்கு உண்டு. நிறத்துக்கும் இனிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. புரோவான்ஸின் பெரும்பாலான ரோஸேக்கள் துளி இனிப்பும் இல்லாதவை. ரோன் பள்ளத்தாக்கின் தாவெல் ஊரில் ரோஸே மட்டுமே அந்த ஊர்ப் பெயரில் விற்கப்படுகிறது. அது மாதுளைச் சாறு போல் அடர்ந்த நிறமுடையது, அதுவும் இனிக்காது.

அப்படியானால் கலப்பது எங்கேயும் இல்லையா? இருக்கிறது, அதுவும் உலகின் விலையுயர்ந்த ஒயின் ஒன்றில். ஷாம்பெயின் வட்டாரத்தில் வெள்ளை ஒயினோடு அதே வட்டாரத்துச் சிவப்பு ஒயினைச் சிறு பங்கு சேர்த்து ரோஸே ஷாம்பெயின் செய்வது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. சேர்க்கும் அளவு பெரும்பாலும் 5 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்கும். மேடம் கிளிக்கோ 1818இல் இப்படிக் கலந்து செய்ததாக அவர் பெயர் தாங்கிய நிறுவனம் சொல்கிறது. குளிர்ந்த அந்த வட்டாரத்தில் ஆண்டுக்கு ஆண்டு பழம் மாறுபடும். ஒரே நிறத்தையும் சுவையையும் தொடர்ந்து தருவதற்குக் கலப்பு உதவுகிறது. ஆனால் அங்கேயும் எல்லோரும் கலப்பதில்லை. லோரான் பெரியே நிறுவனம் 1968 முதல் பினோ நுவார் பழத்தை இரண்டு மூன்று நாள் தோலோடு ஊறவிட்டே தன் ரோஸேயைச் செய்துவருகிறது.

ஷாம்பெயினுக்கு வெளியே கதை வேறு. 2009இல் ஐரோப்பிய ஆணையம், சாதாரண மேசை ஒயின்களில் சிவப்பையும் வெள்ளையையும் கலந்து ரோஸே என்று விற்க அனுமதிக்கலாம் என்றது. கலப்பை அனுமதிக்கும் பிற நாடுகளோடு போட்டியிட இது உதவும் என்பது அதன் வாதம். புரோவான்ஸ் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். குப்பியில் ‘பாரம்பரிய ரோஸே’ என்று தனியே அச்சிட்டுக்கொள்ளலாம் என்ற சமரசத்தையும் அவர்கள் ஏற்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. இரவெல்லாம் விழித்துப் பறித்து, பிழியும் சாற்றைக் கோப்பை கோப்பையாகப் பார்த்துச் செய்கிற ஒன்றும், விற்காமல் தேங்கிய வெள்ளை ஒயினில் கொஞ்சம் சிவப்பை ஊற்றிச் செய்கிற ஒன்றும் ஒரே பெயரில் ஒரே அலமாரியில் நிற்பது எப்படிச் சரியாகும்? அதே ஆண்டு ஜூன் மாதம் ஆணையம் திட்டத்தைக் கைவிட்டது.

தடை இருப்பது, நொதித்து முடிந்த இரு ஒயின்களைக் கலப்பதற்குத்தான். பழமாகவோ சாறாகவோ இருக்கும்போது சேர்ப்பது வேறு. புரோவான்ஸின் விதிகளே கருந்திராட்சையோடு ரோல் போன்ற வெள்ளை ரகங்களைச் சிறு பங்கு சேர்க்க இடம் தருகின்றன.

ரோஸே வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்த்து இனிப்பையோ தரத்தையோ ஊகிக்க வேண்டாம். ரகமும் வட்டாரமும் குப்பியின் மேல் எழுதியிருக்கும், அதைப் படிக்கலாம். நிறம் தெரியவேண்டுமென்பதற்காக ரோஸேயைப் பெரும்பாலும் வெளிர்க் கண்ணாடிக் குப்பியில்தான் அடைக்கிறார்கள். வெளிச்சம் பட்டால் அந்த நிறம் மங்கும். கந்தகச் சேர்மங்கள் உருவாகி வெந்த முட்டைக்கோஸ் வாடையும் அடிக்கும். அதனால் கடையின் ஜன்னலோரத்தில் நெடுநாள் நின்று பழுப்பேறிய குப்பியை விட்டுவிட்டு, உள்ளே இருட்டில் வைத்திருக்கும் புதிய ஆண்டுக் குப்பியைக் கேட்டு வாங்குவது நல்லது.