தளர வேண்டிய தசை தளராவிட்டால்

வரப்பில் வெறுங்காலோடு நடக்கிறீர்கள். உடல் எடை முழுவதும் வலது காலில் இறங்கும் நேரத்தில் உள்ளங்காலில் கருவேல முள் ஏறுகிறது. என்ன குத்தியது என்று தெரிவதற்குள் கால் மேலே வந்துவிடுகிறது. மூளையைக் கேட்காமல், முதுகெலும்புக்குள் சுண்டுவிரல் தடிமனில் இறங்கும் தண்டுவடமே செய்யும் வேலை இது.

வலிச் செய்தி தண்டுவடத்தின் பின்பக்கமாக நுழைகிறது. தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் முன்பக்கத்தில் இருக்கின்றன. வந்த நரம்பு நேராக அவற்றைத் தொடுவதில்லை. நடுவே இடைநரம்பு செல்கள் உண்டு. எங்கே எந்த ஆணை போக வேண்டும் என்பது அங்கேதான் பிரிகிறது. முதல் ஆணை, இடுப்பையும் முழங்காலையும் மடக்கும் தசைகளுக்கும் கணுக்காலை மேலே தூக்கும் தசைக்கும் போகிறது: சுருங்கு. உள்ளங்காலிலிருந்து வலி ஏறிவந்து கால் மடங்கத் தொடங்க ஏறத்தாழ 0.1 விநாடி ஆகும். காந்தும் வலியைச் சுமக்கும் மெல்லிய நரம்பிழைகளில் செய்தி விநாடிக்குச் சுமார் 1 மீட்டர்தான் நகரும். அதனால்தான் காலை எடுத்த பிறகு அந்தக் காந்தல் வந்து சேர்கிறது.

ஆனால் அந்தக் கணத்தில் தொடையின் முன்பக்கத் தசை முழங்காலை நீட்டி உங்கள் எடையைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது பிடியை விடாமல் முழங்கால் எப்படி மடங்கும்? ஆகவே அதே வலிச் செய்தி, வேறொரு வகை இடைநரம்பு செல்லையும் தட்டி எழுப்புகிறது. அந்தச் செல் கிளைசின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, தொடைத் தசையை இயக்கும் நரம்பு செல்லை அடக்குகிறது. தசை தளர்கிறது. ஒன்று சுருங்கும்போது அதன் எதிர்த்தசை அடங்கும் இந்த ஏற்பாட்டை விரிவாக ஆராய்ந்து விளக்கியவர் சார்லஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர். 1932-ல் நோபல் பரிசு பெற்றவர். தசைக்குத் தனியாக 'தளர்' என்று சொல்லும் நரம்பு கிடையாது, அடக்குவது தண்டுவடத்துக்குள்ளேதான் நடக்கிறது என்பது அவர் ஆய்வுகளின் சாரம். வலியில்லாத அசைவிலும் இதே ஏற்பாட்டைத் தொட்டுப் பார்க்கலாம். மேசைக்கு அடியில் உள்ளங்கையை வைத்து மேல்நோக்கி அழுத்துங்கள். மேற்கையின் முன்தசை இறுகியிருக்கும், பின்தசை தொளதொளவென்று இருக்கும். மேசை மேல் கையை வைத்துக் கீழே அழுத்தினால் இது தலைகீழாகும்.

வலது கால் தரையை விட்டதும் இடது கால் மொத்த எடையையும் ஏற்றாக வேண்டும். அதற்காகச் சில இடைநரம்பு செல்களின் இழைகள் தண்டுவடத்தின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபுறம் போகின்றன. அங்கே ஆணை மாறிவிடுகிறது: நீட்டும் தசைகள் சுருங்கும், மடக்கும் தசைகள் அடங்கும். இடது கால் விறைத்து நிற்பதால்தான் நாம் விழுவதில்லை.

இத்தனையிலும் 'அடங்கு' என்ற ஆணை மட்டும் அறுந்துபோனால் என்ன ஆகும்? ரணஜன்னி என்கிற டெட்டனஸ் நோயில் நடப்பது அதுதான். முள்ளோடு மண்ணிலிருந்து ஏறிய கிருமி, காயத்தில் நஞ்சைச் சுரக்கிறது. நஞ்சு நரம்பின் உள்வழியாகவே தண்டுவடத்துக்கு ஏறி, அடக்கும் செல்களுக்குள் புகுந்து, கிளைசின் வெளியேறாதபடி தடுத்துவிடுகிறது. எட்டிக் கொட்டையிலுள்ள ஸ்ட்ரிக்னின் வேறு வழியில் இதே கேட்டைச் செய்யும். கிளைசின் சுரந்தாலும் அது வேலை செய்யாது. இவ்விரு நஞ்சுகளையும் விலங்குகளுக்குக் கொடுத்து ஷெரிங்டன் சோதித்தபோது, தசையைத் தளர்த்த வேண்டிய தூண்டலே அதைச் சுருங்க வைத்தது.

நோயாளியிடம் தெரிவதும் அதுவே. எதிரெதிர்த் தசைகள் ஒருசேர இறுகும். எது வலியதோ அது வெல்லும். வாயைத் திறக்கும் தசைகளைவிட மூடுபவை வலியவை என்பதால் பெரும்பாலும் முதலில் தாடை கிட்டிப்போகும். முதுகை நிமிர்த்தும் தசைகள் வென்று உடல் வில்லாக வளையும். சிறு சத்தமோ தொடுகையோ போதும், வலிப்பு வந்துவிடும். இத்தனைக்கும் நினைவு தப்புவதில்லை, கொடுமையே அதுதான். நரம்பு செல்லுக்குள் புகுந்துவிட்ட நஞ்சை எந்த ஊசியாலும் முறிக்க முடியாது. செல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்வரை, வாரக்கணக்கில், காத்திருக்க வேண்டியதுதான்.

அறிகுறி பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் தெரியும். அதற்குள் காயம் ஆறி மறந்தும் போயிருக்கலாம். அதனால் முள்ளோ ஆணியோ குத்தினால், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள் என்று யோசியுங்கள். மண் பட்ட காயமாக இருந்து, ஊசி போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் உடனே போட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை இந்த நோய் வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி அவசியம். ஆளையே வீழ்த்தும் அந்த நஞ்சின் அளவு அவ்வளவு சொற்பம். உடலில் எதிர்ப்பாற்றலை உண்டாக்க அது போதாது.