கூட்டுப் பேரத்துக்கு முந்தைய உடன்பாடு: பிளின்ட் வேலைநிறுத்தம் (1936–37)

தொழிற்சங்கமும் நிர்வாகமும் கூலி, வேலை நேரம் போன்றவற்றைப் பற்றிப் பேச உட்காருவதற்கு முன்பு வேறு மூன்று விஷயங்களில் உடன்பட வேண்டியிருக்கிறது. எந்த இடத்தில் கூடுவது, எதை முதலில் பேசுவது, பேச்சு முடியும்வரை இரு தரப்பும் எதைச் செய்யாமல் இருப்பது என்பவையே அவை. இவை வெறும் அலுவலக ஏற்பாடுகள் போலத் தோன்றும். ஆனால் இவற்றில் ஒன்றில் விடப்பட்ட ஓட்டை ஒரு பேச்சுவார்த்தையைத் தொடங்கும் முன்பே முறித்துவிடக்கூடும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள பிளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கும் ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்துக்கும் இடையே நடந்தது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

வேலைநிறுத்தத்தின் பின்னணி

1936 டிசம்பர் 30 அன்று பிளின்ட் நகரின் பிஷர் பாடி ஆலைகளில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். அவர்கள் வெளியே வரவில்லை. இயந்திரங்களின் அருகிலேயே அமர்ந்துகொண்டனர். இதனை உள்ளிருப்பு வேலைநிறுத்தம் என்பர். பெரிய ஆலையில் இதற்கு உடனடிக் காரணமாக இருந்தது டை எனப்படும் அச்சுகள். காரின் மேற்கூட்டை இரும்புத் தகட்டில் அழுத்தி எடுப்பவை இந்த அச்சுகளே. சங்கம் வலுவாக இல்லாத வேறு ஊர்களுக்கு அவற்றைக் கொண்டுசெல்ல நிர்வாகம் ஏற்பாடு செய்கிறது என்ற செய்தி பரவியது. அச்சுகள் போய்விட்டால் அந்த ஆலையில் வேலைநிறுத்தம் செய்தும் பயனில்லை.

இரு தரப்பின் நிலையும் ஒன்றையொன்று மறித்து நின்றது. ஆலையை விட்டு வெளியேறினால்தான் பேசுவோம் என்றது நிர்வாகம். வெளியேறிய மறுநாளே உற்பத்தி தொடங்கிவிடும், பிறகு நம்மிடம் யார் பேசுவார்கள் என்று சங்கம் கேட்டது. ஆகவே முதல் சிக்கல் கூலியில் இல்லை. எது முதலில், எது அடுத்தது என்ற வரிசையில் இருந்தது.

ஜனவரி உடன்பாடும் அதன் ஓட்டையும்

1937 ஜனவரி முதல் நாள் மாநில ஆளுநராகப் பொறுப்பேற்ற பிராங்க் மர்பி இரு தரப்பையும் தலைநகர் லான்சிங்கில் உள்ள தம் அலுவலகத்துக்கு அழைத்தார். ஜனவரி 15 அதிகாலையில் ஒரு தற்காலிக உடன்பாடு எட்டப்பட்டது. சங்கம் ஆலைகளைக் காலி செய்யும். ஜனவரி 18 அன்று பேச்சு தொடங்கும். அதற்கு முன்பே தீர்வு ஏற்பட்டால் ஒழிய, பேச்சு குறைந்தது 15 நாள் நடக்கும். அந்த 15 நாளில் நிறுவனம் அந்த ஆலைகளில் உற்பத்தியைத் தொடங்காது, அச்சுகளையோ இயந்திரங்களையோ அங்கிருந்து அகற்றாது.

இந்த விதிகளைக் கவனித்துப் படிக்க வேண்டும். 15 நாள் என்ற வரையறை இல்லாவிட்டால், ஒரே நாள் பேசிவிட்டுப் பேச்சு தோல்வி என்று நிர்வாகம் எழுந்துவிடலாம். அச்சுகளைப் பற்றிய விதி, வேலைநிறுத்தம் எதனால் மூண்டதோ அதே அச்சத்துக்கு விடை. பேச்சு நடக்கும்போது நிலைமை மாறாமல் இருக்க வேண்டும் என்ற இந்த விதியை இன்று நிலைமாறா விதி எனலாம். பேச்சுவார்த்தை விதிகளில் மிகவும் பயனுள்ளதும் இதுவே.

ஆனால் ஒன்று எழுதப்படவில்லை. சங்கத்தை மட்டுமே தொழிலாளரின் பிரதிநிதியாக ஏற்பதா என்பது அடுத்து பேச வேண்டிய பொருள் என்று விடப்பட்டிருந்தது. அதுவரை நிறுவனம் வேறு யாரோடும் பேசக்கூடாது என்று உடன்பாட்டில் இல்லை.

ஜனவரி 16 அன்று டெட்ராய்ட்டில் இரண்டு ஆலைகளும் இந்தியானா மாநிலத்தின் ஆன்டர்சனில் ஒரு ஆலையும் காலி செய்யப்பட்டன. பிளின்ட் ஆலைகள் மறுநாள் காலியாக வேண்டும். இதற்கிடையில், வேலைநிறுத்தத்தை எதிர்த்த பிளின்ட் கூட்டணி என்ற அமைப்பு, தன்னோடும் பேச வேண்டும் என்று நிறுவனத்தின் துணைத் தலைவர் வில்லியம் நட்சனைக் கேட்டது. அவரும் சந்திக்கச் சம்மதித்தார். இந்தச் செய்தி பொதுவில் வெளியாகும் முன்பே ஒரு செய்தியாளர் வழியாகச் சங்கத்துக்கு எட்டியது. நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக இருந்த அங்கீகாரக் கேள்விக்குப் பேச்சு தொடங்குமுன்பே விடை எழுதப்பட்டுவிட்டதாகச் சங்கம் கருதியது. பிளின்ட் தொழிலாளர்கள் வெளியேற மறுத்தனர். உடன்பாடு முறிந்தது.

நிறுவனம் எழுத்தில் இருந்த எந்த விதியையும் மீறவில்லை என்பது உண்மை. அச்சுகள் நகரவில்லை, உற்பத்தி தொடங்கவில்லை. விதிகளை எழுதுவோர் அந்த இரண்டு நாளுக்குள் எதிர்த் தரப்பு விதியை மீறாமலேயே என்னென்ன செய்ய முடியும் என்று யோசித்திருந்தால் இந்த ஓட்டை தெரிந்திருக்கும்.

டெட்ராய்ட் நீதிமன்றம்

பிப்ரவரி 1 அன்று தொழிலாளர்கள் செவ்ரலே நிறுவனத்தின் இஞ்சின் ஆலையையும் பிடித்துக்கொண்டனர். மறுநாள் ஆலையைக் காலி செய்ய நீதிமன்ற ஆணை வந்தது. இப்போது பேசினால் தோற்றதாகப் பொருள்படுமே என்ற தயக்கம் நிறுவனத்துக்கு இருந்தது. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் விருப்பத்தை ஆளுநர் தெரிவித்ததால்தான் வருகிறோம் என்று சொல்லி அவர்கள் வந்தனர். மானம் குறையாமல் வருவதற்கு ஒரு வழி வைத்திருப்பதும் முன்னேற்பாட்டின் ஒரு பகுதிதான்.

பிப்ரவரி 3 அன்று பேச்சு தொடங்கிய இடம் டெட்ராய்ட்டில் ஆளுநரின் சகோதரரான நீதிபதி ஜார்ஜ் மர்பியின் நீதிமன்றம். அது நிறுவனத்தின் அலுவலகமும் அல்ல, சங்கத்தின் கூடமும் அல்ல. நடுநிலையான இடம் என்றால் யாருக்கும் சொந்தமில்லாத கட்டடம் என்பது மட்டும் பொருளன்று. மேசை இருக்கும் அறையோடு ஒவ்வொரு தரப்பும் தனியே கூடிப் பேச ஓர் அறையும் வேண்டும். ஆக மூன்று அறைகள். நிர்வாகத்தின் மாநாட்டு அறையில் கூடினால், சங்கத்தினர் தமக்குள் கலந்து பேச நடைபாதைக்குப் போக நேரும். இன்று வாடகை மண்டபம் எடுப்போர் செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்வதும் இதே காரணத்தால்தான். பணம் கொடுப்பவர் வீட்டுக்காரராகிவிடக் கூடாது.

இம்முறை நிகழ்ச்சி நிரல் வேறு விதமாக அமைந்தது. கூலி, வேலை வேகம், பணிமூப்பு எல்லாம் பின்னுக்குப் போயின. யார் பிரதிநிதி என்ற ஒரே பொருள் முன்னே நின்றது. கடினமான பொருளை முதலில் எடுப்பது பொதுவாக அறிவுரைக்கு மாறானது. எளிய இரண்டு பொருள்களை முடித்து நம்பிக்கை ஏற்படுத்தியபின் கூலிக்குச் செல்வதே வழக்கம். ஆனால் மற்றவை எல்லாம் ஒரு பொருளைச் சார்ந்திருக்கும்போது அந்த வழக்கம் உதவாது. யாரோடு ஒப்பந்தம் என்பது முடிவாகாமல் கூலியைப் பேசினால் கையெழுத்திட ஆள் இல்லை.

பிப்ரவரி 11 அன்று உடன்பாடு கையெழுத்தானது. வேலைநிறுத்தம் தொடங்கி 44 நாள் ஆகியிருந்தது. சங்கம் தன் உறுப்பினர்களின் பிரதிநிதியாக ஏற்கப்பட்டது. ஜனவரியில் இல்லாத விதி இப்போது எழுத்தில் வந்தது: வேலைநிறுத்தம் நடந்த 17 ஆலைகளில், ஆறு மாதத்துக்கு, ஆளுநரின் அனுமதி இல்லாமல் நிறுவனம் வேறு எந்த அமைப்போடும் பேரம் பேசாது. இந்த உறுதி ஒப்பந்தத்துக்குள் இல்லை. நட்சன் ஆளுநருக்கு எழுதிய தனிக் கடிதத்தில் இருந்தது. எல்லாத் தொழிலாளருக்கும் ஒரே பிரதிநிதி என்ற சொல்லைத் தவிர்க்க நிறுவனம் விரும்பியது, அந்தச் சொல்லின் பயன் மட்டும் சங்கத்துக்குக் கிடைத்தது.

கூலியையும் மற்றக் கோரிக்கைகளையும் பற்றிய பேச்சுக்கு அந்த உடன்பாட்டிலேயே நாள் குறிக்கப்பட்டது: பிப்ரவரி 16.